ஏறின சூட்டுக்கு 32 கிடையாது

ஏப்ரல் பிறந்தால் எங்கள் முத்தாபுதுப்பேட்டையில் யாரைப் பார்த்தாலும் வெயில் பேச்சுதான். "நேத்து சதம் அடிச்சிடுச்சாம்ல" என்பார்கள். இந்தச் சதம் ஃபாரன்ஹீட் சதம். வானிலை ஆய்வு மையம் அறிக்கை தருவது செல்சியஸில். நம் தமிழ்ப் பத்திரிகைகள் அதை ஃபாரன்ஹீட்டாக மாற்றி "100 டிகிரியைத் தாண்டியது" என்று போடும் வழக்கத்தை இன்னும் விடவில்லை. 37.8 என்று சொன்னால் யாருக்கும் வேர்க்காது. 100 என்றால்தான் வேர்க்கும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தம் அடுத்த வரியில்தான். அறிக்கையில் "இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் அதிகம்" என்று ஒரு வாக்கியம் இருக்கும். இதையும் ஃபாரன்ஹீட்டாக்க வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? பள்ளியில் படித்தது கை தானாகப் போடும்: 1.8-ஆல் பெருக்கு, 32-ஐக் கூட்டு. 37.4 வரும். அதாவது சென்னையில் நேற்று இயல்பைவிட 37 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம்! அப்படி ஒரு நாள் வந்தால் அதைப் பற்றி எழுத யாரும் மிச்சம் இருக்க மாட்டோம்.

சரியான விடை 5.4. வெறுமனே 1.8-ஆல் பெருக்கினால் போதும், 32 வேண்டாம். இது பலருக்குத் தெரியும். ஏன் வேண்டாம் என்று கேட்டால் மட்டும் "வித்தியாசத்துக்கு அப்படித்தான் சார்" என்று நிறுத்திவிடுகிறார்கள். காரணம் தெரியாமல் விதியை மட்டும் வைத்திருப்பவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்திருக்கிறேன். அங்கே போவதற்கு முன் வெயிலை முடித்துவிடுவோம்.

இயல்பு 38, பதிவானது 41 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாக மாற்றுங்கள். 38-க்கு 68.4-உடன் 32 சேர்ந்து 100.4. 41-க்கு 73.8-உடன் 32 சேர்ந்து 105.8. இப்போது கழியுங்கள். 5.4. இரண்டு பக்கமும் ஒரே 32 உட்கார்ந்திருந்தது, கழித்ததும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. நாம் அதைத் 'தூக்கிப் போடவில்லை'. அது அங்கே இருக்கவே வழியில்லை.

அந்த 32 எதற்காக வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். செல்சியஸ் அளவுகோலில் பனிக்கட்டி உருகும் இடத்துக்குப் பூஜ்யம் என்று பெயர். ஃபாரன்ஹீட் அளவுகோலில் அதே இடத்துக்கு 32 என்று பெயர். அங்கிருந்து தண்ணீர் கொதிக்கும் இடம் வரை செல்சியஸில் 100 படி, ஃபாரன்ஹீட்டில் 180 படி. 1.8 என்பது படியின் அளவைச் சொல்கிறது. 32 என்பது எண்ணத் தொடங்கிய இடத்தைச் சொல்கிறது. எத்தனை படி ஏறினாய் என்று கேட்பவருக்கு, எங்கிருந்து எண்ணத் தொடங்கினாய் என்ற விவரம் எதற்கு?

நம் பக்கத்து ஆட்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொன்னால் புரியும். ஏரி நிரம்பினால் ஆழம் 24 அடி என்று செய்தியில் சொல்வார்கள். அதே நிரம்பிய மட்டத்தை நீர்வளத்துறைப் பதிவில் 85.40 அடி என்றும் பார்க்கலாம். அது கடல் மட்டத்திலிருந்து எண்ணியது. இரண்டுக்கும் நடுவே 61.40 அடி வித்தியாசம். ஆனால் ஒரே இரவு மழையில் ஒரு அடி ஏறியது என்றால், இந்தக் கணக்கிலும் ஒரு அடிதான், அந்தக் கணக்கிலும் ஒரு அடிதான். ஏறிய ஒரு அடியோடு 61.40-ஐக் கூட்டி ஊரைக் கிளப்பிவிட யாருக்கும் தோன்றாது. டிகிரியில் மட்டும் தோன்றுகிறது. காரணம், வெப்பநிலைக்கும் வெப்பநிலை ஏற்றத்துக்கும் நாம் ஒரே 'டிகிரி'யைப் போட்டு எழுதுகிறோம். எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும் நல்ல உதாரணம் நம் வானிலைத் துறையிடமே இருக்கிறது. கடலோர நிலையங்களில் வெப்ப அலை என்று அறிவிக்க இரண்டு நிபந்தனை. அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 37 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அது இயல்பைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ கூடியிருக்க வேண்டும். ஃபாரன்ஹீட்டில் முதல் எண் 98.6, அதில் 32 உண்டு. இரண்டாவது எண் 8.1, அதில் 32 இல்லை. 4.5-ஐ எடுத்து மாற்றிக் கருவியில் போட்டால் 40.1 வரும். '37 டிகிரி அதிகம்' மாதிரி அதுவும் நடக்கவே முடியாத ஒரு எண்தான்.

கருவிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எக்ஸெலில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=CONVERT(2,"C","F")
```

35.6 வரும். நீங்கள் கேட்டது '2 டிகிரி என்று காட்டும் வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் என்ன காட்டும்' என்பது. அதற்கு அது சரியான பதில். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் வரும் 2 டிகிரி உயர்வை மாற்ற வேண்டுமானால் 2-ஐ 1.8-ஆல் பெருக்க வேண்டும், 3.6. மாற்றும் வழி சரியா என்று பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: பூஜ்யத்தைப் போட்டுப் பார்ப்பேன். சூடு ஏறவே இல்லை என்றால் அது எந்த அளவுகோலிலும் ஏறவே இல்லை. பூஜ்யம் போட்டு 32 வந்தால் அந்தச் சூத்திரம் ஏற்றத்துக்கானது அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தவறு எப்போது நடந்தாலும் அதன் அளவு ஒன்றேதான். செல்சியஸிலிருந்து போனால் 32 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல். ஃபாரன்ஹீட்டிலிருந்து வந்தால் 17.8 டிகிரி செல்சியஸ் குறைவு. ஏற்றம் சிறியதாக இருந்தால் தவறு கூரையேறிக் கத்தும். ஏசியின் காற்று உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் 20 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வீடியோவில் பார்த்துவிட்டு, அதைப் போனில் மாற்றினால் மைனஸ் 6.7 வரும். குளிர வைக்கும் மிஷினில் வித்தியாசம் மைனஸா என்று எந்த மெக்கானிக்கும் நிமிர்ந்து பார்ப்பார். (சரியான எண் 11.) ஏற்றம் பெரியதாக இருந்தால்தான் தவறு சத்தமே போடாது. அம்பத்தூர்க் கதை அதுதான்.

எஸ்டேட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகள் நிறைய. எரிந்த மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவி, ஸ்லாட்டுக்குப் புது பேப்பர் போட்டு, காயில் இறக்கி, வார்னிஷ் அடித்துச் சூடேற்றித் தருவார்கள். நல்ல பட்டறை என்றால் அதோடு விடமாட்டார்கள். லோடு போட்டு ஓட்டி, வைண்டிங் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்த 'டெம்பரேச்சர் ரைஸ்' டெஸ்ட்தான் நம் கதாநாயகன்.

வைண்டிங்கின் உள்ளே வெப்பமானியைச் செருக முடியாது. அதனால் தாமிரத்தின் குணத்தையே வெப்பமானியாக்கிக்கொள்கிறோம். சூடேறினால் அதன் மின்தடை கூடும். ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். காலையில் குளிர்ந்திருக்கும்போது காயிலும் பட்டறைக் காற்றும் 32 டிகிரி செல்சியஸ். இரண்டு லைனுக்கு நடுவே தடை 2.40 ஓம். (இந்த 32 தற்செயல், நம் 32-உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முழு லோடில், சூடு இதற்கு மேல் ஏறவில்லை என்ற நிலை வரும்வரை ஓட்டி, நிறுத்தியவுடன் அளந்தால் 3.10 ஓம். அதற்குள் பட்டறைக் காற்று 34 ஆகிவிட்டது. தாமிரத்துக்கான எண் 235. கணக்கு இப்படி:

```
சூடான வைண்டிங் = (3.10 / 2.40) × (235 + 32) − 235 = 109.9 °C
ஏற்றம் = 109.9 − 34 = 75.9
```

பி கிளாஸ் இன்சுலேஷனுக்கு இந்த முறையில் அளந்தால் அனுமதி 80. மோட்டார் பாஸ். இதுவரை பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வாடிக்கையாளர் ரிப்போர்ட்டை ஃபாரன்ஹீட்டில் கேட்கும்போது வருகிறது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் நேமா தரநிலைகூட மோட்டார் ஏற்றத்தைச் செல்சியஸில்தான் சொல்கிறது. ஆனால் அங்கே ஆலையில் பராமரிப்பு பார்ப்பவர் கையில் இருக்கும் வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் காட்டும், அவர் போடும் குறிப்பும் அதில்தான் இருக்கும். ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கு வேலை செய்துதரும் பட்டறைக்கு அப்படி ஒரு தாள் வந்து சேரும்.

ஒரு பட்டறையில் டிப்ளமோ முடித்துச் சேர்ந்த பையன் ஒருவன் ரிப்போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். 75.9-ஐ மாற்றி 168.6 என்று போட்டிருந்தான். பக்கத்தில் வாடிக்கையாளரின் தாளில் அனுமதி 144 என்று இருந்தது.

"அண்ணே, செல்சியஸ்ல பாஸ் ஆகுது, ஃபாரன்ஹீட்ல ஃபெயில் ஆகுதுண்ணே" என்றான். மோட்டார்மேல் சந்தேகம் வந்து மறுபடி லோடு போட ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மோட்டார அப்புறம் ஓட்டலாம் தம்பி. அந்த 168-ல 32-ஐக் கழிச்சுட்டுப் பாரு" என்றேன்.

136.6. அனுமதி 144. பாஸ்.

பார்த்தீர்களா, 168.6 என்ற எண்ணில் தப்பு எதுவும் கண்ணில் உறுத்தவில்லை. சூடான மோட்டாருக்கு அது நம்பும்படியான எண்தான். அவனுக்கு அதிர்ஷ்டம், பக்கத்தில் சரியான அனுமதி எண் எழுதியிருந்தது, முரண்பாடு தெரிந்துவிட்டது. அனுமதி எண்ணையும் அவனே மாற்றியிருந்தால் 80 என்பது 176 ஆகியிருக்கும், 168.6 அதற்குள் அடங்கியிருக்கும், இரண்டு தவறும் கைகோத்துக்கொண்டு ஒழுங்காகப் பாஸ் ஆகியிருக்கும். ரிப்போர்ட்டும் போயிருக்கும்.

ஆபத்து அதற்கடுத்த படியில். ஒருவர் அனுமதியை மட்டும் 176 என்று தவறாக மாற்றி டெஸ்ட் பெஞ்சில் ஒட்டிவைக்கிறார், இன்னொருவர் ஏற்றத்தைச் சரியாக ஃபாரன்ஹீட்டில் கணக்கிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 176 டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்றம் என்பது உண்மையில் 97.8 டிகிரி செல்சியஸ் ஏற்றம். 80-க்குப் பதில் 97 வரை ஏறும் மோட்டாரையெல்லாம் அந்த பெஞ்ச் பாஸ் போடும். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்று தொழிலில் ஒரு குத்துமதிப்பு உண்டு. அதன்படி கிட்டத்தட்ட 18 டிகிரி கூடினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். மோட்டார் அன்றைக்கு எரியாது. வாரண்டி முடிந்து கொஞ்ச நாளில் எரியும். அப்போது எல்லோரும் வார்னிஷைத் திட்டுவார்கள்.

எதிர்த்திசையிலும் இதே கூத்து. 144 டிகிரி ஃபாரன்ஹீட் அனுமதி என்ற தாளைப் பார்த்து, 32-ஐக் கழித்து, 1.8-ஆல் வகுத்தால் 62.2 வரும். ஏ கிளாஸுக்கான அனுமதி 60. அனுபவசாலி ஒருவர் இதைப் பார்த்தால் "ஓ, பழைய ஏ கிளாஸ் மோட்டார் போல" என்று தலையாட்டிவிட்டு, தேவைக்கு மேல் தாமிரம் போட்டுக் கட்டிக் கொடுப்பார். தவறான எண், இன்னொரு சரியான எண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் அனுபவமே நம்மை ஏமாற்றும்.

அந்தப் பையனுக்கு நான் விதியைச் சொல்லவில்லை. பி கிளாஸின் 130 டிகிரி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அதை அவன் படித்திருந்தான். சுற்றுப்புறம் 40, ஏற்றம் 80, காயிலின் சராசரியைவிட உள்ளே ஏதாவதொரு இடம் கூடுதல் சூடாக இருக்கலாம் என்பதற்காக 10. மொத்தம் 130. சரி, இதையே ஃபாரன்ஹீட்டில் கூட்டு என்றேன். ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டான்: 104, 176, 50. கூட்டினால் 330. 130 டிகிரி செல்சியஸ் என்பது 266 தானே, 64 எங்கிருந்து முளைத்தது? 64 என்பது இரண்டு 32. மூன்று எண்ணில் சுற்றுப்புற 40 மட்டும்தான் வெப்பமானி காட்டும் நிலை. மற்ற இரண்டும் அதன்மேல் ஏறியவை. அவை 144, 18. இப்போது 104, 144, 18 கூட்டினால் 266, கச்சிதம். முழுக் கணக்குக்கும் ஒரே ஒரு 32.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவையும் வந்துவிடும். நிலையோடு ஏற்றத்தைக் கூட்டினால் விடை ஒரு நிலை, ஒரு 32 உண்டு. நிலையிலிருந்து நிலையைக் கழித்தால் ஏற்றம், 32 இல்லை. இரண்டு நிலைகளின் சராசரி? கூட்டும்போது இரண்டு 32 சேரும், இரண்டால் வகுத்ததும் ஒன்று மிஞ்சும். அதனால் மாதச் சராசரி வெப்பநிலையை மாற்ற 32 வேண்டும், அந்தச் சராசரி இயல்பைவிட எவ்வளவு கூடியது என்பதை மாற்ற வேண்டாம். வெப்பமானியின் துல்லியம் கூட்டல் கழித்தல் அரை டிகிரி செல்சியஸ் என்றால் ஃபாரன்ஹீட்டில் 0.9. அதுவும் வித்தியாசம்தான். டேட்டா லாகரின் மென்பொருளில் அலகை மாற்றும்போது 'டெல்டா' என்ற கட்டத்தையும் அது வெப்பநிலையாக நினைத்து மாற்றுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அறை வெப்பநிலையில் எதையும் சூடேற்றாமல் ஓட்டினால் தெரியும். டெல்டா 32-ஐச் சுற்றி நின்றால் விஷயம் வெளியே வந்துவிட்டது.

சர்வதேசத் தரநிலைகள் இந்த வம்பே வேண்டாம் என்று ஏற்றத்தைக் கெல்வினில் எழுதுகின்றன. 80 கெல்வின் ஏற்றம் என்றால் 80 டிகிரி செல்சியஸ் ஏற்றம்தான், படியின் அளவு ஒன்றே. ஆனால் 80 கெல்வின் என்று ஒரு காயிலின் நிலையை யாரும் சொல்ல மாட்டார்கள், அது திரவ நைட்ரஜன் கொதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அதனால் கெல்வினைப் பார்த்தவுடனேயே இது ஏற்றம் என்று புரிந்துவிடும். நேம்பிளேட்டிலும் ரிப்போர்ட்டிலும் இப்படியே எழுதினால் நல்லது என்பது என் கட்சி. பழைய ஆட்கள் "இது என்ன சார் புதுசா" என்பார்கள், எழுதிவிட்டுப் போகலாம்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பையனே திருப்பி ஒரு கேள்வி கேட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது. "அண்ணே, தடைச் சூத்திரத்துல 235 இருக்கே, மொத்தக் கணக்கையும் ஃபாரன்ஹீட்லயே போடணும்னா அதை என்ன பண்றது? 1.8-ஆல பெருக்கினா 423 வருது. அதைப் போட்டா விடை ஒத்து வரலண்ணே."

வராது. அந்த 235 ஏற்றம் அல்ல. தாமிரத்தின் தடை இதே நேர்கோட்டில் குறைந்துகொண்டே போனால் எங்கே பூஜ்யமாகும் என்று நீட்டிப் பார்த்தால் வரும் இடம் மைனஸ் 235 டிகிரி செல்சியஸ். அது ஒரு நிலை. (நிஜத்தில் தாமிரம் அங்கே அப்படி நடந்துகொள்ளாது, கோட்டின் நீட்சி மட்டும்தான்.) நிலை என்பதால் 32 திரும்பி வருகிறது: மைனஸ் 423-உடன் 32 சேர்ந்தால் மைனஸ் 391. அப்போது சூத்திரத்தில் 235-க்குப் பதில் 391. காலை 32 டிகிரி என்பது 89.6, மாலைக் காற்று 34 என்பது 93.2.

```
(3.10 / 2.40) × (391 + 89.6) − 391 = 229.8 °F
229.8 − 93.2 = 136.6
```

அதே 136.6. பையன் அந்த 391-ஐ டெஸ்ட் பெஞ்சின் மேல் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறான், கீழே "நிலை" என்று போட்டு.